டப்பாவில் 8 மணி நேரம், வீட்டில் இரண்டரை மணி நேரம்

சார்ஜ் போட்டு ஓட்டும் சின்ன மேசை விசிறியை வாங்கியவர்கள் பலரும் ஒரு கேள்வி கேட்பார்கள். டப்பாவில் ‘8 மணி நேரம் வரை ஓடும்’ என்று போட்டிருக்கிறது. கரண்ட் போன மதியத்தில் முழு வேகத்தில் வைத்தால் இரண்டரை மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. சார்ஜ் ஏற 2 மணி நேரம் என்றார்கள், நாலரை மணி ஆகிறது. சென்னையிலிருந்து தில்லிக்கு அனுப்பச் சொன்னால், சட்டை மூன்று நாளில் போய்ச் சேர்கிறது, விசிறி ஒரு வாரம் எடுக்கிறது. இதெல்லாம் ஏமாற்றா, இல்லை வேறு காரணம் உண்டா?

ஏமாற்றும் உண்டு, காரணமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி, வாங்குபவரின் நாற்காலியிலிருந்து எழுந்து விற்பவரின் நாற்காலியில் உட்காருவது. இணையக் கடையில் பொருளின் படத்துக்குக் கீழே இருக்கும் விவரப் பட்டியலை இந்த அத்தியாயத்தில் ‘விற்பனைக் குறிப்பு’ என்று சொல்வோம். ஒரு விசிறிக்கு அந்தக் குறிப்பை நேர்மையாக எழுத முயன்றால், அதன் ஒவ்வொரு வரியும் லித்தியம் அயனி செல்லின் ஒரு குணத்தை வெளியே கொண்டுவரும்.

எடுத்துக்காட்டு விசிறி

கற்பனையாக ஒரு விசிறியை எடுத்துக்கொள்வோம். கடைகளில் கிடைக்கும் சாதாரண வகைதான். மூன்று வேகம், பின்புறம் யுஎஸ்பி துளை, அடிப்பகுதியில் நான்கு திருகாணிகள். அவற்றைக் கழற்றினால் உள்ளே நீல உறை போட்ட இரண்டு உருளைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அளவை வைத்தே இதற்கு 18650 என்று பெயர். மடிக்கணினி பேட்டரியிலிருந்து டார்ச் லைட் வரை பல சாதனங்களில் இருப்பது இந்த உருளைதான்.

ஒவ்வொரு உருளையும் ஒரு செல். செல்களைச் சேர்த்து, பாதுகாப்புச் சுற்றும் வைத்தால் அது பேட்டரி. நம் விசிறியில் உள்ள ஒவ்வொரு செல்லின் கொள்ளளவும் 2000 எம்ஏஎச், அதாவது 2000 மில்லி ஆம்பியர்-மணி. 2000 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரமோ, 200 மில்லி ஆம்பியரைப் பத்து மணி நேரமோ தரக்கூடியது என்று பொருள்.

முதல் வரி: உள்ளே என்ன செல்?

இரண்டு செல்களின் நேர்முனைகளை ஒன்றாகவும் எதிர்முனைகளை ஒன்றாகவும் இணைத்தால் அது பக்க இணைப்பு. அப்போது கொள்ளளவு கூடி 4000 எம்ஏஎச் ஆகும், மின்னழுத்தம் ஒரு செல்லுக்குரிய 3.7 வோல்ட்டாகவே இருக்கும். ஒன்றன் வாலில் ஒன்றாகத் தொடர் இணைப்பில் கோத்தால் மின்னழுத்தம் 7.4 வோல்ட்டாக உயரும், கொள்ளளவு 2000 எம்ஏஎச்சிலேயே நிற்கும். செல்கள் அவையே, ஆனால் ஒரு டப்பாவில் 4000 என்றும் இன்னொரு டப்பாவில் 2000 என்றும் அச்சாகும். எம்ஏஎச் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர் இங்கேதான் தடுமாறுகிறார்.

நியாயமான அளவுகோல் வாட்-மணி. ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கினால் அது கிடைக்கும். பக்க இணைப்பில் 4ஐ 3.7ஆல் பெருக்கினால் 14.8. தொடர் இணைப்பில் 2ஐ 7.4ஆல் பெருக்கினாலும் 14.8. சேமித்திருக்கும் ஆற்றலைச் சொல்வது இந்த எண்தான். விமான நிறுவனங்களும் இதைத்தான் கேட்கின்றன.

அந்த 2000 எம்ஏஎச் உண்மைதானா என்ற கேள்வி அடுத்தது. சந்தையில் 9900 எம்ஏஎச் என்று அச்சிட்ட 18650 செல்கள் விற்கின்றன. நல்ல நிறுவனங்கள் இந்த உருளைக்குள் பல ஆண்டுகளாக அடைத்துவந்த உச்ச அளவு 3500 எம்ஏஎச் அளவில்தான் இருந்தது, அண்மையில்தான் அது சற்றுக் கூடியிருக்கிறது. 9900 என்பதற்கு அந்த உருளைக்குள் இடமே இல்லை. சந்தேகம் வந்தால் முதலில் தராசை எடுக்கலாம். ஒழுங்கான 18650 செல் 45 கிராமை ஒட்டி எடை இருக்கும். கையில் எடுத்ததும் லேசாகத் தோன்றி, 30 கிராம் அளவிலேயே நின்றால், உறைக்குள் மின்வேதிப் பொருள் குறைவு. எடை சரியாக இருப்பது மட்டும் போதாது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி, தெரிந்த மின்னோட்டத்தில் காலியாகும்வரை ஓடவிட்டு நேரத்தைக் குறிப்பதுதான் முடிவான சோதனை.

இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்களுக்கும் பேட்டரிகளுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு வேண்டும். ஐஎஸ் 16046 என்பது அதற்கான தரம். பதிவு பெற்ற பொருளின் மேல் அந்த முத்திரையும் ஒரு பதிவு எண்ணும் இருக்கும். ஆகவே விற்பனைக் குறிப்பின் முதல் வரியில் செல்லின் வகை, எண்ணிக்கை, வாட்-மணி, பதிவு எண், கழற்ற முடியுமா முடியாதா என்ற ஐந்தும் இடம்பெற வேண்டும். ‘பேட்டரி உண்டு’ என்ற இரண்டு சொல்லில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது வரி: எவ்வளவு நேரம் ஓடும்?

விசிறிக்கும் பேட்டரிக்கும் நடுவே மின்னோட்டத்தை அளக்கும் கருவியை வைத்துப் பார்க்கலாம். நம் எடுத்துக்காட்டில் குறைந்த வேகத்தில் சராசரியாக 450, நடு வேகத்தில் 900, முழு வேகத்தில் 1400 மில்லி ஆம்பியர் ஓடுவதாகக் கொள்வோம்.

நம் விசிறியில் செல்கள் பக்க இணைப்பில் இருப்பதாகக் கொண்டால், 4000ஐ 450ஆல் வகுக்கக் கிட்டத்தட்ட 9 மணி நேரம் வருகிறது. ஆனால் அந்த 4000 முழுவதும் விசிறிக்குக் கிடைக்காது. தொழிற்சாலையில் செல்லை மெதுவாக, மிகக் குறைந்த மின்னழுத்தம்வரை காலிசெய்து கொள்ளளவை அளக்கிறார்கள். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட்டில் இருக்கும் செல் இறங்கிக்கொண்டே வரும்போது, விசிறியின் பாதுகாப்புச் சுற்று அதற்கு முன்பே, 3 வோல்ட்டை ஒட்டி, இணைப்பைத் துண்டிக்கிறது. அதற்குக் கீழே அடிக்கடி இறங்கினால் செல் கெட்டுப்போகும் என்பதால் இந்த ஏற்பாடு. கம்பிகளிலும் செல்லுக்குள்ளும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போகிறது. எல்லாம் போக 90 விழுக்காடு, அதாவது 3600 எம்ஏஎச் கைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம்.

இப்போது குறைந்த வேகத்தில் 8 மணி நேரம், நடு வேகத்தில் 4 மணி நேரம், முழு வேகத்தில் ஏறக்குறைய 2 மணி 34 நிமிடம். டப்பாவில் இருந்த எட்டு பொய்யில்லை. எந்த வேகத்தில் என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ‘வரை’ என்ற ஒரு சொல் அந்தப் பொறுப்பைத் தள்ளிவிடுகிறது.

வேகம் கூடும்போது செலவு ஏன் இப்படி எகிறுகிறது? வேகமாகச் சுழலும் இறக்கை ஒரே நேரத்தில் அதிகக் காற்றைத் தள்ளுகிறது, அந்தக் காற்றை அதிக விசையோடும் தள்ளுகிறது. ஆகவே சுழலும் வேகத்தை இரு மடங்காக்கினால், காற்றை நகர்த்தத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். மோட்டாரின் உராய்வு போன்ற நிலையான செலவுகளும் கணக்கில் சேர்வதால் அளவியில் முழு எட்டு மடங்கு தெரியாது. ஆனால் போக்கு இதுதான். ஒரு படி வேகத்தைக் குறைத்தால் காற்றில் கொஞ்சம்தான் குறையும், ஓடும் நேரத்தில் நிறையக் கூடும்.

நேரத்தை எங்கே நிறுத்தி அளப்பது என்ற சிக்கலும் இருக்கிறது. மலிவான விசிறிகளில் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் சுற்று இருக்காது. பேட்டரி இறங்க இறங்க இறக்கையும் மெல்லத் தளரும். கடைசி அரைமணியில் விசிறி சுற்றும், ஆனால் எதிரே இருப்பவர் முகத்தில் காற்று படாது. அதையும் ஓடும் நேரமாகக் கணக்கில் சேர்க்கிற விற்பவர் உண்டு. ஒழுங்கான குறிப்பில் ஒவ்வொரு வேகத்துக்கும் தனித்தனி நேரம் இருக்கும், அது புதிய பேட்டரியில் அளந்தது என்ற குறிப்பும் இருக்கும். சாதாரண லித்தியம் அயனி செல் 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகு அதன் கொள்ளளவு தொடக்கத்தில் இருந்ததில் 80 விழுக்காட்டை ஒட்டி வந்துவிடும். இன்று 8 மணி நேரம் ஓடும் விசிறி அப்போது ஆறரை மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஓடும். அது பழுதல்ல, செல்லின் இயல்பு.

மூன்றாவது வரி: சார்ஜ் ஏற எவ்வளவு நேரம்?

‘எங்கள் வீட்டில் 65 வாட் சார்ஜர் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும்’ என்று பலர் நினைக்கிறார்கள். பந்தியில் எவ்வளவு பரிமாற வந்தாலும், சாப்பிடுகிறவர் கையை மறித்துவிட்டால் அதற்குமேல் இலையில் விழாது. சார்ஜர் தரத் தயாராக இருக்கும் அளவு வேறு, சாதனம் வாங்கிக்கொள்ளும் அளவு வேறு. எவ்வளவு வாங்குவது என்று முடிவுசெய்வது விசிறிக்குள் இருக்கும் சார்ஜிங் சில்லு. மலிவான சாதனங்களில் பரவலாகக் காணப்படும் டிபி4056 என்ற சில்லு அதிகபட்சம் 1000 மில்லி ஆம்பியர்தான் செலுத்தும். எந்தச் சார்ஜரைச் செருகினாலும் அதுதான் எல்லை.

காலியான 3600 எம்ஏஎச்சை 1000ஆல் வகுத்தால் 3 மணி 36 நிமிடம். உண்மையில் அதைவிடக் கூடுதலாக ஆகும். லித்தியம் அயனி செல்லுக்கு இரண்டு கட்டமாகச் சார்ஜ் ஏற்றுவார்கள். முதல் கட்டத்தில் மின்னோட்டம் ஒரே அளவில் பாய, செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டை நோக்கி ஏறும். அங்கே தொட்டதும் சில்லு மின்னழுத்தத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும், மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வரும். தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியதும் இணைப்பைத் துண்டித்து, சிவப்பு விளக்கை அணைத்துப் பச்சையை எரியவிடும். கடைசிச் சில விழுக்காடு நத்தை வேகத்தில் நகர்வது இதனால்தான். நம் விசிறிக்கு மொத்தம் நாலரை மணி நேரம் என்று எழுதுவது நியாயம்.

இதே விசிறிக்கு ‘2 மணி நேரத்தில் முழுச் சார்ஜ்’ என்று ஒருவர் எழுதினால், காகிதத்திலேயே கணக்குப் பார்த்து மறுக்கலாம். இரண்டு மணி நேரத்தில் 3600 ஏற வேண்டுமானால் விடாமல் 1800 மில்லி ஆம்பியர் பாய வேண்டும். அதே டப்பாவில் ‘உள்ளீடு 5 வோல்ட், 1 ஆம்பியர்’ என்று அச்சிட்டிருந்தால், இந்த வகைச் சார்ஜிங் சுற்றில் அது நடக்காது. ஒன்றுக்கொன்று முரண்படும் இந்த இரண்டு வரிகளும் ஒரே பெட்டியின் இரண்டு பக்கங்களில் இருப்பதைக் கடைகளில் பார்க்கலாம்.

எதில் செருகி அளந்தோம் என்பதையும் குறிப்பில் சொல்ல வேண்டும். பழைய கணினியின் யுஎஸ்பி துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும். அதில் செருகினால் எட்டு மணி நேரம் ஆகிவிடும்.

சார்ஜில் போட்டபடியே ஓட்டலாமா என்று வாங்குபவர் கட்டாயம் கேட்பார். நம் விசிறியில் உள்ளே வருவது 1000, முழு வேகத்தில் வெளியே போவது 1400. செருகியே இருந்தாலும் பேட்டரி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். குறைந்த வேகத்தில் ஓட்டினால் 550 மிஞ்சும், சார்ஜ் மெதுவாக ஏறும். ‘சார்ஜில் ஓடும்’ என்ற வரிக்குப் பதிலாக ‘குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டே சார்ஜ் ஏறும்’ என்று எழுதினால் பின்னால் புகார் வராது.

நான்காவது வரி: எந்த வழியாகப் போகும்?

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்கு யுபிஎஸ் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று புறப்பட்டது. சரக்கில் லித்தியம் பேட்டரிகள் ஏராளமாக இருந்தன. புறப்பட்ட சுமார் 22 நிமிடத்தில் தீ எச்சரிக்கை ஒலித்தது. விமானிகள் துபாய்க்குத் திரும்பினார்கள். ஆனால் கருவிகளைப் பார்க்க முடியாத அளவுக்கு விமானி அறைக்குள் புகை நிறைந்துவிட்டது. விமானம் விழுந்து நொறுங்கி, அதில் இருந்த இருவரும் இறந்தார்கள். லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் அனுப்புவது பற்றிய உலகளாவிய விதிகள் அதன் பிறகு இறுகியதில் இந்த விபத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

லித்தியம் அயனி செல் மற்ற சரக்கிலிருந்து வேறுபடுவது எங்கே? உள்ளே நேர்மின்வாயையும் எதிர்மின்வாயையும் பிரித்து வைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம். நசுங்கியோ, அதிகமாகச் சார்ஜ் ஏறியோ, தயாரிப்புக் குறையாலோ அது கிழிந்தால் உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படும். சூடு கிளம்பும். அந்தச் சூட்டில் செல்லின் பொருள்கள் வினைபுரிந்து மேலும் சூட்டைத் தரும். இதைக் ‘கட்டுமீறிய வெப்பம்’ என்று அழைக்கலாம். எரிகிற வாயுக்கள் வெளியே பீறிட, பக்கத்துச் செல்லும் சூடாகி அதே நிலைக்கு வரும். தீயை அணைத்த பிறகும் சூடு தங்கியிருந்தால் மீண்டும் பற்றும்.

எத்தனை செல்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளில்தான் ஆபத்தின் அளவு அடங்கியிருக்கிறது. விதிகளும் அந்த இரண்டையே பிடித்துக்கொண்டு செல்கின்றன. சாதனத்துக்குள் பொருத்திய செல்லை உறை காக்கிறது, ஒரு பெட்டிக்குள் செல்களின் எண்ணிக்கையும் குறைவு. தனிச் செல்களை நூற்றுக்கணக்கில் அடுக்கிய பெட்டி அப்படியில்லை. அதனால் ஐக்கிய நாடுகள் அவையின் ஆபத்தான சரக்குப் பட்டியலில் இவற்றுக்கு வெவ்வேறு எண்கள். தனி லித்தியம் அயனி பேட்டரிக்கு யுஎன் 3480. சாதனத்துக்குள்ளோ சாதனத்தோடு சேர்ந்தோ வருவதற்கு யுஎன் 3481.

நம் விசிறி யுஎன் 3481. அதன் செல் ஒவ்வொன்றும் 7.4 வாட்-மணி, பேட்டரி 14.8 வாட்-மணி. செல்லுக்கு 20, பேட்டரிக்கு 100 வாட்-மணி என்ற எல்லைகளுக்குள் இருப்பதால் எளிமையான விதிகளின் கீழ் இதை விமானத்தில் அனுப்ப இடமுண்டு. அதற்கு அந்தப் பேட்டரி ஐநாவின் 38.3 சோதனைத் தொகுப்பில் தேறியிருக்க வேண்டும். உயரமான வானத்தின் குறைந்த காற்றழுத்தம், வெப்ப மாற்றம், அதிர்வு, மோதல், குறுக்குச்சுற்று போன்றவற்றைத் தாங்குகிறதா என்று அதில் பார்க்கிறார்கள். அந்தச் சோதனைச் சுருக்கத்தைச் செல் தயாரிப்பாளரிடம் விற்பவர் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். வழியில் விசிறி தானாக ஓடாதபடி பொத்தானையும் பூட்டி வைக்க வேண்டும்.

இப்போது அதே விற்பவர், விற்பனையைக் கூட்ட நினைத்துக் குறிப்பில் ஒரு வரி சேர்க்கிறார்: ‘கூடுதல் செல் தனியாகவும் கிடைக்கும்.’ அந்த உதிரிச் செல்லை யாராவது தனியாக வாங்கினால் அது யுஎன் 3480 ஆகிவிடுகிறது. 2016 ஏப்ரல் முதல் அத்தகைய தனி லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றத் தடை இருக்கிறது. சரக்கு விமானத்தில் அனுப்பும்போதும் சார்ஜ் 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆற்றல் குறைவாக இருந்தால் ஒரு செல் பற்றினாலும் வரும் சூடு குறைவு, அடுத்த செல்லுக்குத் தாவும் வாய்ப்பும் குறைவு. புதிய சாதனங்கள் பல அரைகுறைச் சார்ஜோடு வீட்டுக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘முதலில் முழுதாகச் சார்ஜ் போடவும்’ என்ற வரி குறிப்பில் இருப்பது நல்லது.

காகிதங்களைக் காட்டி விமானத்தில் அனுப்ப வழி இருந்தாலும், ஒரு விசிறிக்காக அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல் பல கூரியர் நிறுவனங்கள் தரைவழியைத் தேர்ந்தெடுக்கின்றன. சட்டைக்கு மூன்று நாள், விசிறிக்கு ஒரு வாரம் என்பதற்கு விடை அதில் இருக்கிறது. ஆகவே ‘தரைவழி மட்டும், 6 முதல் 8 நாள்’ என்று முன்கூட்டியே எழுதுவதுதான் முறை.

பலர் மறக்கும் இடம் திருப்பி அனுப்புவது. உப்பிய, நசுங்கிய, சூடாகிற பேட்டரியை விமானத்தில் ஏற்றவே கூடாது. விசிறியின் அடிப்பாகம் புடைத்து மூடி விலகியிருந்தாலோ, இனிப்புக் கலந்த ஒரு வேதி நெடி அடித்தாலோ, அதைச் சாதாரணப் பார்சலாகக் கட்டித் திருப்பி அனுப்பச் சொல்வது ஆபத்து. அப்படியானால் சார்ஜ் போடாமல் விற்பவரைத் தொடர்புகொள்ளச் சொல்லும் வரி ஒன்று குறிப்பின் கடைசியில் இருக்க வேண்டும்.

எழுதி முடித்த குறிப்பு

நம் விசிறிக்கு இதுவரை பார்த்ததைச் சேர்த்து எழுதினால் இப்படி வரும்:

செல்: 18650 லித்தியம் அயனி, 2 செல்கள், உள்ளே பொருத்தியவை, பயனர் கழற்ற முடியாது. 3.7 வோல்ட், 4000 எம்ஏஎச், 14.8 வாட்-மணி. தரப் பதிவு எண் பேட்டரியின் மேல் உள்ளது.

ஓடும் நேரம்: புதிய பேட்டரியில் குறைந்த வேகத்தில் 8 மணி, நடு வேகத்தில் 4 மணி, முழு வேகத்தில் இரண்டரை மணி.

சார்ஜ் நேரம்: 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜரில் நாலரை மணி. அதைவிடப் பெரிய சார்ஜரால் வேகம் கூடாது. சார்ஜர் பெட்டியில் இல்லை, கேபிள் உண்டு.

அனுப்பும் முறை: இந்தியாவுக்குள் தரைவழி மட்டும். பேட்டரி உப்பியிருந்தால் பார்சல் கட்டாமல் முதலில் தகவல் தரவும்.

இதில் முழு வேகத்துக்கான ‘இரண்டரை மணி’ என்ற எண்ணைப் பார்த்துச் சிலர் வாங்காமல் போகலாம். ஆனால் வாங்கியவர் திருப்பி அனுப்பமாட்டார். இணையத்தில் பேட்டரி சாதனம் வாங்கும்போது வாசகர்கள் இரண்டு விவரங்களைத் தேடிப் பார்க்க வேண்டும்: வாட்-மணி எவ்வளவு, ஓடும் நேரம் எந்த வேகத்தில் அளந்தது. இரண்டும் இல்லையென்றால் விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு கடையைப் பாருங்கள்.